வரியைக் கழித்தால் மிஞ்சுவது என்ன?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வரித் தவிர்ப்பைப் பற்றிய பொது விதிகள் குறித்துப் பேசும்படி கேட்டிருந்தார்கள். துறையிலும் தணிக்கை அலுவலகங்களிலும் ‘கார்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த விதிகள், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 95 முதல் 102 வரையிலான பிரிவுகளில், 10ஏ என்ற அத்தியாயமாக இடம்பெற்றவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் பிரிவு எண்களை மாற்றிவிட்டது. இதுவரை வந்த தீர்ப்புகளும் சுற்றறிக்கையும் பழைய எண்களைக் கொண்டே பேசுவதால் நானும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

இந்த ஒரு மணி நேரத்தில் நான் நிறுவ விரும்புவது ஒரே கருத்து. ஓர் ஏற்பாட்டுக்கு உண்மையான வணிக நோக்கம் உண்டா இல்லையா என்பதை அதைச் செய்தவரின் மனத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வரிச் சலுகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். யாருடைய தொழில் ஆபத்து மாறியது? யாருடைய கையில் பணம் நிகரமாகக் கூடியது, யாருடைய கையில் குறைந்தது? இரண்டுக்கும் விடை ‘யாருக்கும் இல்லை’ என்றால் வணிக நோக்கம் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் முதல் பொறுப்பு வரி அதிகாரியுடையது. அதைச் செய்யாமல் ‘போலித்தனமானது’, ‘செயற்கையானது’ என்று எழுதப்படும் ஆணை ஆணையாகாது.

1. நோக்கம் என்ற சொல்லும் அதன் பழைய சிக்கலும்

வரியைக் குறைப்பதற்காகத் தன் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1935இல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை சொன்னது. தோட்டக்காரருக்குக் கொடுத்த கூலி, ஆண்டுத்தொகை ஒப்பந்தம் என்ற வடிவத்தில் எழுதப்பட்டிருந்ததால் அந்த வடிவத்தையே அவை ஏற்றது. நம் உச்ச நீதிமன்றம் 1985இல் மெக்டவல் வழக்கில் அந்தக் கொள்கையைக் கடுமையாகச் சாடியது. 2003இல் ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் மீண்டும் அதன் பக்கம் சாய்ந்தது. 2012 ஜனவரியில் வோடஃபோன் வழக்கில், ஏற்பாட்டை முழுமையாகப் பார்க்க வேண்டும், பிய்த்துப் பார்க்கக் கூடாது என்றது. இந்த வரலாற்றை நீட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இடையில் வந்த ஒரு தீர்ப்பை மட்டும் நின்று பார்க்க வேண்டும்.

2010இல் முடிந்த வால்ஃபோர்ட் வழக்கு அது. ஒரு பங்குத் தரகு நிறுவனம், பரஸ்பர நிதி ஒன்று ஈவுத்தொகை தரப்போகிறது என்று அறிந்து அதன் யூனிட்டுகளை வாங்கியது. வரியில்லாத ஈவுத்தொகையைப் பெற்றது. ஈவுத்தொகை கொடுத்த பிறகு விலை குறைந்த யூனிட்டுகளை விற்றுவிட்டு, அந்தக் குறைவை இழப்பாகக் காட்டி மற்ற வருமானத்தோடு ஈடுகட்டியது. திட்டமிட்டே செய்தார்கள் என்பதில் யாருக்கும் பெரிய ஐயம் இல்லை. ஆனால் யூனிட்டுகளை உண்மையிலேயே வாங்கினார்கள், உண்மையிலேயே விற்றார்கள், சட்டம் அப்போது அதைத் தடுக்கவில்லை, ஆகவே இழப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. திட்டமிட்டிருந்தாலும் அது குற்றமில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

‘நோக்கம்’ என்பதை மனநிலையாக மட்டும் எடுத்துக்கொண்டால் வழக்கு எங்கே போய் முட்டும் என்று இது காட்டுகிறது. வரியை மிச்சப்படுத்த நினைத்தார் என்று நிரூபித்தாலும் பயனில்லை, ஏனென்றால் அப்படி நினைப்பது உரிமை. நினைக்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தாலும் பயனில்லை, ஏனென்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே சட்டம் வேறு அளவுகோலைத் தேடவேண்டியதாயிற்று.

2. சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

2012 நிதிச் சட்டத்தில் பிரணாப் முகர்ஜி இந்த விதிகளைக் கொண்டுவந்தபோது முதலீட்டாளர்களிடையே பெரிய கலக்கம் எழுந்தது. பார்த்தசாரதி ஷோம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பிறகு 2013இல் விதிகள் திருத்தப்பட்டன, நடைமுறைக்கு வரும் தேதியும் இருமுறை தள்ளிப்போனது. 2017 ஏப்ரல் 1 முதல் அவை நடப்பில் உள்ளன. அந்தத் திருத்தங்களில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று. முதல் வடிவில், வரிப் பயன் ‘முதன்மை நோக்கங்களில் ஒன்றாக’ இருந்தாலே போதும் என்றிருந்தது. திருத்தத்துக்குப் பின் அதுவே முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும் என்றானது. அந்தச் சிறு மாற்றம் இல்லாவிட்டால் ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனமும் இந்த வலையில் விழுந்திருக்கும். வரியை ஒரு பொருட்டாகக் கருதாமல் எந்த நிதி மேலாளரும் பெரிய முடிவு எதையும் எடுப்பதில்லை.

இப்போது 96ஆம் பிரிவு கேட்பது இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை வந்தால்தான் ஏற்பாடு அனுமதிக்கத்தகாததாகும்.

முதல் கேள்வி: வரிப் பயன் பெறுவதே இதன் முதன்மை நோக்கமா?

இரண்டாம் கேள்விக்கு நான்கு கிளைகள். அவற்றில் ஒன்று பொருந்தினாலும் போதும். ஒருவரையொருவர் சாராத இருவர் பேரம் பேசினால் வழக்கமாகத் தோன்றாத உரிமைகளும் கடமைகளும் இதில் உண்டாகின்றனவா? சட்டத்தின் ஏதோ ஒரு விதி தவறாகப் பயன்படுத்தப்படுகிறதா? வணிகச் சாரம் இல்லாமல் இருக்கிறதா? நேர்மையான காரியங்களுக்கு யாரும் கையாளாத வழியில் இது நடந்திருக்கிறதா?

நடைமுறையில் பெரும்பாலான வாதம் மூன்றாவது கிளையில்தான் நடக்கிறது. வணிகச் சாரம் என்றால் என்ன என்பதை 97ஆம் பிரிவு தனியே விளக்குகிறது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் சாயல் இந்தப் பிரிவில் தெளிவாகத் தெரியும். ஏற்பாட்டின் முழு விளைவு அதன் தனித்தனிப் படிகளின் வடிவத்தோடு பெரிதும் முரண்பட்டால் சாரம் இல்லை. பணம் ஒரு கையிலிருந்து கிளம்பிச் சுற்றி அதே கைக்கு வந்தால் சாரம் இல்லை. வரிப் பயனுக்காகவே ஒருவரை நடுவில் நிறுத்தியிருந்தால், அவர் உறவுள்ளவரானாலும் இல்லாவிட்டாலும், சாரம் இல்லை. ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும் படிகள் இருந்தால் சாரம் இல்லை. ஒரு சொத்தோ ஒரு நிறுவனமோ இன்ன நாட்டில் இருப்பதற்கு வரி தவிர வேறு கணிசமான காரணம் இல்லை என்றாலும் அப்படியே. மொரீஷியஸ், சிங்கப்பூர் வழக்குகள் இந்த வகையில் வருபவை. அவை தனிச் சொற்பொழிவுக்கு உரியவை.

இத்தனைக்கும் பிறகு கடைசியாக ஓர் உட்பிரிவு வருகிறது. வரிப் பயனால் விளைந்ததைத் தள்ளிவிட்டுப் பார்க்கும்போது, எந்தத் தரப்பின் தொழில் ஆபத்திலும் நிகரப் பண வரவு செலவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையென்றால் அந்த ஏற்பாட்டுக்கு வணிகச் சாரம் இல்லை. 97ஆம் பிரிவின் உயிர்நிலை இதுதான் என்பது என் முடிவு. மற்றவையெல்லாம் இந்த நிலைமை வெளிப்படக்கூடிய வடிவங்கள். பணம் சுற்றி வந்தால் நிகர வரவு மாறாது. படிகள் ஒன்றையொன்று ரத்து செய்தால் ஆபத்து மாறாது.

3. ஒரு வழக்கு, ஒரு கணக்கு

2024 ஜூன் மாதம் தெலங்கானா உயர்நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயத்தைப் பற்றி ஓர் உயர்நீதிமன்றம் விரிவாகப் பேசிய முக்கியமான தீர்ப்பு அது. பெயர்கள் நமக்குத் தேவையில்லை, கணக்கு போதும்.

ஒரு வரி செலுத்துபவருக்கு ஒரு நிறுவனத்தின் பங்குகளை விற்றதில் பெரிய நீண்ட கால மூலதன ஆதாயம் கிடைத்தது. அதே காலத்தில் அவர் தன் குழுமத்தைச் சேர்ந்த வேறொரு நிறுவனத்தின் பங்குகளைப் பெற்றார். 2019 மார்ச்சில் அந்த நிறுவனம் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு என்ற விகிதத்தில் போனஸ் பங்குகள் வழங்கியது. 115 ரூபாயாக இருந்த ஒரு பங்கின் மதிப்பு அதனால் ஏறத்தாழ 19 ரூபாய் 20 காசாக இறங்கியது. உடனே அவர் தான் முதலில் வாங்கிய பங்குகளை அந்தக் குறைந்த விலைக்கு இன்னொரு நிறுவனத்துக்கு விற்றார். ஏறத்தாழ 462 கோடி ரூபாய் குறுகிய கால மூலதன இழப்பு என்று காட்டி, அதை முன்சொன்ன ஆதாயத்தோடு ஈடுகட்டினார்.

இதை ஒரே ஒரு பங்கை வைத்துப் பார்ப்போம். கையில் ஒரு பங்கு, அடக்க விலை 115. போனஸுக்குப் பிறகு ஆறு பங்குகள், ஒவ்வொன்றும் சுமார் 19.20. ஆறையும் கூட்டினால் மறுபடியும் 115 தான். நிறுவனத்தின் கட்டடமோ நிலமோ வங்கி இருப்போ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. காப்புநிதியில் இருந்த தொகை பங்கு மூலதனம் என்ற தலைப்புக்கு மாறியது, அவ்வளவுதான். பங்குதாரர் நேற்று எவ்வளவு பணக்காரரோ இன்றும் அவ்வளவே.

ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணுக்குக் காட்சி வேறு. போனஸ் பங்குக்கு அடக்க விலை சுழி என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 115 ரூபாய் முழுவதும் முதல் பங்கின் தலையிலேயே நிற்கிறது. அந்த ஒரு பங்கை மட்டும் 19.20க்கு விற்றால் 95 ரூபாய் 80 காசு இழப்பு. குறுகிய கால இழப்பை நீண்ட கால ஆதாயத்தோடும் ஈடுகட்டச் சட்டம் இடம் தருகிறது. இந்த இரண்டு விதிகளும் தனித்தனியே நியாயமானவை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், யாருக்கும் நேராத ஓர் இழப்பு தாளில் பிறந்துவிடுகிறது.

இப்போது வரியைக் கழித்துப் பார்ப்போம். விற்றவர் கையில் என்ன இருக்கிறது? பங்குக்கு 19.20 ரொக்கம், சுமார் 96 ரூபாய் மதிப்புள்ள ஐந்து போனஸ் பங்குகள். கூட்டினால் 115. விற்றவர் சுமந்த ஆபத்தில் ஆறில் ஒரு பகுதி வாங்கியவரிடம் போயிருக்க வேண்டும். உண்மையில் போயிருந்தால் அந்த அளவுக்கு ஏதோ ஒரு வணிக விளைவு உண்டு என்று வாதிட இடம் இருக்கும். இங்கேதான் பணத்தின் பாதை முக்கியமாகிறது. வாங்கிய நிறுவனத்திடம் அதற்குப் போதிய சொந்தப் பணம் இல்லை, தொடர்புடைய நிறுவனங்கள் வழியாகவே பணம் சுழன்று வந்தது என்பது துறையின் குற்றச்சாட்டு. அப்படியானால் வாங்கியவர் தன் பணத்தைப் பணயம் வைக்கவில்லை. விலை இறங்கினாலும் ஏறினாலும் அது அதே வட்டத்துக்குள்தான். ஆபத்து இடம் மாறவே இல்லை.

மிஞ்சுவது வரி மட்டும். நீண்ட கால ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்று மட்டும் வைத்துக்கொண்டாலும், 462 கோடிக்கு 92 கோடி ரூபாய்க்கு மேல். ஓர் ஆண்டில் எல்லாத் தரப்புக்கும் சேர்த்து வரிப் பயன் 3 கோடி ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த விதிகள் பொருந்தா என்று 10யு விதி சொல்கிறது. அந்த எல்லை இங்கே எங்கோ கீழே இருக்கிறது.

வரி செலுத்துபவர் தரப்பில் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. வகுப்பில் மாணவர்கள் இதைக் கேட்டால் மகிழ்வேன். ஐந்து போனஸ் பங்குகளின் அடக்க விலை சுழி அல்லவா? நாளை அவற்றை விற்கும்போது கிடைக்கும் 96 ரூபாயும் முழு ஆதாயமாகி வரிக்கு உள்ளாகும். இன்று கழித்த 95.80 நாளை திரும்பி வந்துவிடும். அப்படியிருக்க வரிப் பயன் எங்கே? கணக்கு சரிதான். ஆனால் வரிப் பயன் என்பதன் இலக்கணத்தில் வரியைக் குறைப்பதும் தவிர்ப்பதும் மட்டுமல்ல, தள்ளிப்போடுவதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. நாளை எப்போது என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. ஒருநாளும் விற்காமலும் இருக்கலாம். அரசுக்கு இன்று வரவேண்டிய 92 கோடி வட்டியில்லாக் கடனாக அவர் கையில் நிற்கும்.

நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதம் வேறு வகையானது. போனஸ் வழியான இழப்பைத் தடுக்க 94ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவில் தனி விதி ஏற்கெனவே இருக்கிறது. அது அப்போது பரஸ்பர நிதி யூனிட்டுகளுக்கு மட்டுமே பொருந்தியது, பங்குகளுக்கு இல்லை. தனி விதி விட்டுவைத்ததைப் பொது விதியைக் கொண்டு பிடிப்பது முறையல்ல என்றார்கள். அந்த விதி பங்குகளுக்கும் நீட்டிக்கப்பட்டது 2022 நிதிச் சட்டத்தால், அதுவும் 2023 ஏப்ரல் முதல்தான். ஆகவே 2019இல் நடந்ததற்குத் தடை இல்லை என்பது அவர்கள் நிலை. உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேறு எந்தப் பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும் இந்த அத்தியாயம் பொருந்தும் என்று 95ஆம் பிரிவு தொடங்குவதை அது சுட்டியது. வணிகச் சாரமில்லாத ஏற்பாட்டுக்குத் தனி விதியின் மௌனம் அடைக்கலம் ஆகாது என்ற நிலையை எடுத்து மனுவைத் தள்ளுபடி செய்தது. பொது விதியும் தனி விதியும் ஒன்றாக நிலவலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2017 ஜனவரியில் வெளியிட்ட 7ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லியிருந்தது.

வால்ஃபோர்ட் தீர்ப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் இழப்பு திட்டமிட்டதே, இங்கும் அப்படியே. ஆனால் அங்கே பரஸ்பர நிதி வேறு ஆள். பணம் உண்மையாகக் கை மாறியது. சந்தை விலையின் ஏற்ற இறக்கம் சில நாட்களுக்காவது வாங்கியவர் தலையில் இருந்தது. இன்று இதே விதிகளின் கீழ் அந்த வழக்கு வந்தால் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை எளிதாக வந்துவிடும். இரண்டாம் கேள்வியில்தான் உண்மையான போராட்டம் நடக்கும். நல்ல வழக்கறிஞர் ஒருவர் அதில் வெல்லவும்கூடும் என்பது என் கணிப்பு.

4. முழு ஏற்பாடா, ஒரு படியா?

கணக்கு போடுவதற்கு முன் எதைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். துறைக்கும் வரி செலுத்துபவருக்கும் இடையே பெரும்பாலான மோதல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தொழிற்சாலையை வாங்கும் ஏற்பாட்டில் பத்துப் படிகள் இருக்கலாம். முழு ஏற்பாட்டுக்கும் வணிக நோக்கம் தெளிவாக இருக்கும். ஆனால் ஏழாவது படி வரிக்காக மட்டுமே செருகப்பட்டிருக்கும். முழுமையைப் பார்த்தால் தப்பித்துவிடும், ஏழாவது படியை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். ‘ஏற்பாடு’ என்பதற்குள் ஒரு படியும் அடங்கும் என்று 102ஆம் பிரிவு வரையறுக்கிறது. 96ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இன்னும் ஓரடி முன்னே போகிறது. ஒரு படியின் முதன்மை நோக்கம் வரிப் பயன் என்றால், முழு ஏற்பாட்டின் முதன்மை நோக்கமும் அதுவே என்று அனுமானிக்கலாம். இல்லை என்று காட்டும் சுமை வரி செலுத்துபவருடையது.

இந்த அனுமானம் கடுமையானது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது முதல் கேள்விக்கு மட்டுமே உதவும். நோக்கம் அனுமானிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக வணிகச் சாரம் இல்லை என்றும் அனுமானிக்க முடியாது. துறை வரைவு அறிவிப்புகளில் அடிக்கடி காணக்கூடிய பிழை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைப்பது. ‘இந்தப் படிக்கு வரியைத் தவிர வேறு காரணம் இல்லை, ஆகவே ஏற்பாட்டுக்குச் சாரம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் கேள்விக்கு வேறு சான்று வேண்டும். அந்தப் படியை எடுத்துவிட்டால் ஆபத்தும் பணமும் எப்படி இருந்திருக்கும் என்ற கணக்கு வேண்டும்.

5. எதோடு ஒப்பிடுவது?

கழித்தல் கணக்கில் ஒரு தொல்லை இருக்கிறது. வரியைக் கழிக்க வேண்டுமென்றால், வரியே இல்லாதிருந்தால் இவர் என்ன செய்திருப்பார் என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கற்பனை நேர்மையாக இருந்தால்தான் முடிவும் நேர்மையாக இருக்கும்.

ஒரு நிறுவனத்துக்குப் பணம் தேவை. கடன் வாங்கலாம், பங்கு வெளியிடலாம். கடனுக்கு வட்டியைச் செலவாகக் கழிக்கலாம் என்பதால் கடன் வாங்குகிறது. இதில் அதிகாரி ‘பங்கு வெளியிட்டிருந்தால் வரி கூடியிருக்கும்’ என்று ஒப்பிடக் கூடாது. கடன் என்றால் குறித்த நாளில் திருப்பிக் கொடுக்கும் கடமை வருகிறது, கொடுக்க முடியாவிட்டால் சொத்து ஏலத்துக்குப் போகும். ஆபத்து உண்மையிலேயே வேறு. சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருந்தால் வரி குறைவான கதவில் நுழைவது தவிர்ப்பு அல்ல. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஆலை வைப்பதும் அப்படித்தான். சலுகைக்காகவே போனார் என்றாலும் ஆலை அங்கே இருக்கிறது, ஆட்கள் வேலை செய்கிறார்கள். வேறிடத்தில் செய்த பொருளை அங்கே செய்ததாகக் கணக்கு எழுதினால் அது தவிர்ப்பு என்ற நிலையையும் தாண்டி ஏய்ப்பாகிவிடும். ஒரு பரிவர்த்தனையை எந்த முறையில் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையில் இந்த விதிகள் தலையிடா என்று முன்சொன்ன சுற்றறிக்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது.

போனஸ் பங்கு வழக்கிலேயே ஆட்களை மாற்றிப் பாருங்கள். பத்தாண்டுகளாக ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் பங்கை வைத்திருக்கும் ஒருவர். நிறுவனம் எல்லாப் பங்குதாரர்களுக்கும் போனஸ் தருகிறது. அடுத்த மாதம் வீடு கட்டப் பணம் தேவைப்படுவதால் கொஞ்சம் விற்கிறார். டீமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் போனதாகவே சட்டம் கொள்ளும். ஆகவே பழைய பங்குகள் விற்றதாகி, அவருக்கும் தாளில் ஓர் இழப்பு தோன்றலாம். முந்தைய வழக்கின் எண்களும் இவருடைய எண்களும் ஒரே வடிவத்தில் இருக்கும். ஆனால் போனஸைத் தீர்மானித்தவர் இவர் இல்லை. வாங்கியவர் யாரென்று இவருக்குத் தெரியாது. வந்த பணம் வீட்டுச் சுவராக மாறியது. வரியே இல்லாத உலகிலும் இவர் இதையேதான் செய்திருப்பார். ஒப்பீடு இங்கே ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியை எழுதத்தான் அதிகாரிக்குச் சான்றுகள் வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்தின் குறிப்புகளில் போனஸ் தருவதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது? ஆதாயம் வந்த தேதிக்கும் பங்கு பெற்ற தேதிக்கும் போனஸ் தேதிக்கும் விற்ற தேதிக்கும் என்ன இடைவெளி? வாங்கியவரின் வங்கிக் கணக்கில் பணம் எந்த நாள் வந்தது, எங்கிருந்து வந்தது, பிறகு எங்கே போனது? ஆலோசகர் அனுப்பிய குறிப்பில் முதலில் பேசப்படுவது தொழிலா வரியா? வாங்கியவர் அந்தப் பங்குகளை வைத்து என்ன செய்தார்? இவற்றில் வங்கிக் கணக்கை நான் முதலில் வைப்பேன். கூட்டக் குறிப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், வங்கிப் பதிவை முடியாது.

ஏற்பாடு எவ்வளவு காலம் நீடித்தது, வரி ஏதும் கட்டினார்களா, வெளியேற வழி வைத்திருந்தார்களா என்ற மூன்றும் கருத்தில் கொள்ளத்தக்கவை, ஆனால் அவை மட்டும் போதா என்று 97ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. இது இரு பக்கமும் வெட்டும். ‘ஐந்தாண்டு வைத்திருந்தோம்’ என்பது தற்காப்பு ஆகாது. ‘பத்து நாளில் விற்றுவிட்டார்’ என்பதும் குற்றச்சாட்டு ஆகாது. சந்தையில் பத்து நாளில் விற்பவர் ஏராளம்.

6. நடைமுறையும் அதன் குறையும்

இந்த அதிகாரம் ஒரு தனி அலுவலரின் கையில் விடப்படவில்லை என்பது நம் சட்டத்தின் நல்ல பகுதி. மதிப்பீட்டு அலுவலர் தாமாக இதைக் கையிலெடுக்க முடியாது. 144பிஏ பிரிவின்படி அவர் முதன்மை ஆணையருக்கோ ஆணையருக்கோ அனுப்ப வேண்டும். ஆணையர் வரி செலுத்துபவருக்கு அறிவிப்பு அனுப்பி, அறுபது நாளுக்கு மிகாத கால அவகாசத்தில் மறுப்பைக் கேட்க வேண்டும். மறுப்பில் நிறைவடையாவிட்டால் விஷயம் ஒப்புதல் குழுவுக்குப் போகும். உயர்நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைவர். இந்திய வருவாய்ப் பணியின் மூத்த அலுவலர் ஒருவரும், நேரடி வரி, வணிகக் கணக்கு, பன்னாட்டு வணிகம் போன்ற துறைகளில் புலமை உள்ள அறிஞர் ஒருவரும் உறுப்பினர்கள். குழு ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2012இன் முதல் வடிவத்தில் குழு முழுவதும் அரசு அலுவலர்களாகவே இருந்தது. வெளியாள் ஒருவரைத் தலைவராக்கியது 2013 திருத்தத்தின் பயன்.

குழுவின் உத்தரவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அந்த உத்தரவின் மீது இந்தச் சட்டத்தின் கீழ் மேல்முறையீடு கிடையாது. அதன்படி எழுதப்படும் மதிப்பீட்டு ஆணையை எதிர்த்து நேரே வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏற்பாட்டைப் புறக்கணிப்பது, படிகளைச் சேர்த்து ஒன்றாகக் கொள்வது, கடனைப் பங்காகவோ பங்கைக் கடனாகவோ பார்ப்பது, நடுவில் நிறுத்தப்பட்டவரை இல்லாதவராகக் கொள்வது என்று 98ஆம் பிரிவு தரும் அதிகாரம் மிகப் பெரியது. அவ்வளவு பெரிய அதிகாரத்தைப் பயன்படுத்துபவர் தம் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

பிரிட்டனில் 2013இல் இதுபோன்ற விதி வந்தபோது ஆலோசனைக் குழு ஒன்றும் அமைந்தது. அதன் கருத்துகள் பெயர் நீக்கி வெளியிடப்படுகின்றன. ஊழியர்களுக்குத் தங்கம் வழியாகப் பலன் கொடுத்த ஒரு திட்டத்தைப் பற்றி 2017இல் வந்த முதல் கருத்தை எந்த மாணவரும் இன்று படிக்கலாம். வழக்கமான வழியில் ஊதியம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இவர்கள் ஏன் இந்தச் சுற்று வழியில் போனார்கள் என்று அதில் படிப்படியாக எழுதியிருக்கிறார்கள். நம் சட்டத்தில் ஒப்புதல் குழுவின் உத்தரவை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த நிறுவனம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ள வழக்கு உயர்நீதிமன்றம் வரை போகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். துறை அலுவலர்களே, அறிவிப்பின் முதல் பத்தியிலேயே உங்கள் ஒப்பீட்டை எழுதுங்கள்: வரி இல்லாவிட்டால் இவர் என்ன செய்திருப்பார், அப்போது ஆபத்தும் பணமும் யாரிடம் இருந்திருக்கும் என்று. மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு: ஒப்புதல் குழுவின் ஒவ்வொரு உத்தரவையும், பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, காரணங்களோடு வெளியிடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்று நம்புகிறேன். ஒரு நிர்வாக முடிவு போதும்.